"செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்கலாமா?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் எலியா இறைவாக்கினரைப் பார்க்கிறோம். கார்மேல் மலையில் பெரும் வெற்றி கண்டவர், அடுத்த சில நாள்களில் பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறார். அவரைத் தேடி வந்த வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. தூங்கவிட்டார், தட்டி எழுப்பினார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் வந்து எழுப்பினார். சாக வேண்டும் என்று சொன்ன மனிதரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குத் தேவையில்லை. ஆனால் நம்மில் பலரும் அந்த வானதூதரைப் போல நடந்துகொள்வதில்லை. எங்களுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதக் கடைசி. சம்பா அறுவடை நெருங்கிய நேரத்தில் பருவம் தப்பி மழை கொட்டியது. மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்த ஒரு விவசாயிக்கு, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. மிச்சம் அறுத்த நெல்லிலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் கொள்முதல் நிலையத்தில் எடை போட முடியவில்லை. நகையை அடகு வைத்த கடன் ஒருபுறம், கைமாற்று வாங்கிய கடன் ஒருபுறம். அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். இரவில் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பதாக அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொன்னார். முன்பு எப்போதாவது குடித்தவர், தினமும் குடிக்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வந்தார். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, முகம் தெளிந்து இருந்தார். பூசை முடிந்ததும் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்து, "சாமி, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, பிள்ளைங்க ரெண்டையும் ஆஸ்டல்ல சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார். இது ஒப்புரவு அருளடையாளத்தில் சொல்லப்பட்டதல்ல, பலர் நடமாடும் திண்ணையில் கேட்கப்பட்டது. அதற்கு நாங்கள் சொன்ன பதில், "அப்படியெல்லாம் பேசக்கூடாதுப்பா, கடவுள் இருக்கார், எல்லாம் சரியாயிடும்" என்பதுதான். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க சாமி" என்று போய்விட்டார். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினோம் என்றே நாங்கள் நினைத்தோம். உண்மையில், அவர் கொஞ்சமாகத் திறந்த கதவை நாங்கள் சாத்திவிட்டோம்.

அந்தப் பேச்சு, எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அன்பியப் பொறுப்பாளர் அக்கா ஒருவர் காதில் விழுந்திருந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் அந்தத் தம்பியின் பின்னாலேயே போனார். அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்பு, அந்த மனிதரிடம் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல்போன அடையாளங்கள் எவை என்று பார்த்துவிடுவோம்.

முதல் அடையாளம் பேச்சு. "செத்துடலாம்போல இருக்கு" என்று நேரடியாகச் சொல்பவர்கள் உண்டு. "சாவேன்னு சொல்றவன் சாகமாட்டான்" என்று நம் ஊரில் சொல்வது தவறு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் பலர் முன்கூட்டியே யாரிடமாவது ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பேச்சு மறைமுகமாகத்தான் வரும். "இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இருக்காது", "நான் இல்லேன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க", "பிள்ளைங்களப் பாத்துக்க" என்பவை அப்படிப்பட்ட பேச்சுகள். தான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணமும், இதிலிருந்து வெளியே வர வழியே இல்லை என்ற எண்ணமும் ஒன்றுசேரும் இடத்தில் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அடையாளம் செயல். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, ஆள்களைத் தவிர்ப்பது, குடி கூடுவது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. நாம் கவனிக்கத் தவறுவது, ஒருவர் கணக்குகளை முடித்துக்கொள்வதை. பாசமாக வளர்த்த பசுவை மச்சானுக்குக் கொடுப்பது, பிரியமான பொருள்களைப் பங்கிடுவது, சின்னச் சின்னக் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது, காரணமில்லாமல் மனைவி மக்களைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது போன்றவை அவை. அந்த விவசாயி அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே மனைவியையும் பிள்ளைகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

மூன்றாவது அடையாளம்தான் நம்மை ஏமாற்றுவது. பல வாரங்களாக வாடிக் கிடந்தவர், பிரச்சினை எதுவும் தீராமலேயே திடீரென்று அமைதியாகிவிடுகிறார். "தேறிட்டாரு" என்று வீட்டார் மூச்சுவிடுகிறார்கள். சிலருக்கு அந்த அமைதி, முடிவெடுத்துவிட்டதால் வரும் அமைதி. கடன் அப்படியே இருக்க, முகம் மட்டும் ஏன் தெளிந்தது என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று இருந்தாலே ஒருவர் சாகப் போகிறார் என்று பொருளல்ல. ஆனால் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்தால், அதுவும் பயிர் போனது, தேர்வில் தோற்றது, காதல் முறிந்தது, குழுக் கடன் தவணைக்காக ஊரார் முன் அவமானப்பட்டது, வீட்டில் அடி உதை போன்ற ஒரு காயத்தோடு சேர்ந்தால், காத்திருக்கக் கூடாது. முன்பு ஒருமுறை முயன்று பிழைத்தவரானால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நமக்குத் தெரிந்த அறிகுறிகளிலேயே வலுவானது அதுதான்.

இனி அந்த அக்கா செய்ததைப் பார்ப்போம். அவர் வீட்டுக்குள் போய், கூட உட்கார்ந்து, முதலில் தான் கண்டதைச் சொன்னார்: "தம்பி, நீ தூங்குறதில்ல. பொண்டாட்டி பிள்ளைய அனுப்பிட்ட. இப்ப சாமிகிட்ட அந்த மாதிரி கேட்ட. எனக்குப் பயமா இருக்கு. ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. செத்துடலாம்னு நெனச்சியா?" அவர் வெகுநேரம் பேசவில்லை. அக்காவும் பேசாமல் காத்திருந்தார். கடைசியில், "ஆமாக்கா" என்று சொல்லி அழுதார்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று நீங்கள் அஞ்சலாம். நாங்களும் அஞ்சியவர்கள்தான். ஆனால் உலகின் பல நாடுகளில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதோ கூடுவதோ இல்லை. அந்த எண்ணம் இல்லாதவர் "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். இருப்பவருக்கோ, தனியாகச் சுமந்த ஒன்றை இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது.

கேட்கும் விதம் முக்கியம். "தப்பா எதுவும் நெனைக்கலையே?" என்று நாம் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்குள்ளேயே "இல்லை" என்ற பதிலை வைத்துத்தான் கொடுக்கிறோம். இல்லை என்று சொன்னால்தான் நமக்கு நிம்மதி என்பதும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. சாவு என்ற சொல்லை விழுங்காமல், கோபமில்லாத குரலில் கேளுங்கள். "ஆமாம்" என்று அவர் சொன்னால் பதறாதீர்கள். "உன் பிள்ளைகளை நினைச்சுப் பாத்தியா?", "இது பாவம் இல்லையா?" என்று தொடங்காதீர்கள். பிள்ளைகளை அவர் ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருக்கிறார். தான் போய்விட்டால் அவர்களுக்கு நல்லது என்று அவருடைய களைத்த மனம் கணக்குப் போட்டிருக்கிறது. "சொன்னது நல்லதாப் போச்சு. என்ன நடக்குதுன்னு சொல்லு, கேக்குறேன்" என்பது போதும்.

அடுத்து, எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள். எப்படிச் செய்ய நினைத்தார், அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று மனத்தில் நாள் வைத்திருக்கிறாரா? வெறும் எண்ணம் மட்டும் என்றால், ஓரிரு நாளில் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம், அதுவரை கண்காணிப்பு வேண்டும். வழியும் பொருளும் நாளும் இருந்தால் அது இப்போதே செயல்பட வேண்டிய அவசரம். அந்தத் தம்பியின் பதில், அன்று இரவு என்பதாக இருந்தது. பயிருக்கு வாங்கி மிஞ்சிய மருந்து பம்புசெட்டுக் கொட்டகையில் இருந்தது.

அக்கா அவரைவிட்டு நகரவில்லை. தன் கணவருக்குப் போன் செய்து, கொட்டகையிலிருந்த மருந்தை எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னார். தம்பியின் அண்ணனை வரவழைத்தார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று அவர் கெஞ்சியபோது, "ஊருக்குச் சொல்லமாட்டேன். ஆனா உன்னக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட சொல்லத்தான் செய்வேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இந்த விஷயத்தில் இரகசியம் காப்பதாக ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அவர்கள் 14416 என்ற எண்ணை அழைத்து, அங்கே பேசிய ஆலோசகரிடம் தம்பியையும் பேசவைத்தார்கள். அண்ணன் அன்றிரவு அவரோடு ஒரே அறையில் படுத்தார். மறுநாள் காலை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த மருந்தை எடுத்ததற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். "சாகணும்னு நெனைச்சவன் வேற வழி தேடமாட்டானா?" என்று பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை. சாக வேண்டும் என்ற வேகம் உச்சத்தில் இருப்பது சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரை முடிவு செய்கிறது. முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. இலங்கையில் 1995-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. விளைச்சலும் அதனால் குறையவில்லை.

நம் டெல்டாவின் கடைமடையிலேயே இதற்கு ஒரு முயற்சி நடந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் கட்டடம் அமைத்தார்கள். விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல், அங்கே தங்களுக்கான பூட்டுப் பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் வெளியான அதன் முடிவு, மக்கள் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள் என்றும், அதனால் உயிர்கள் காக்கப்பட வாய்ப்பிருக்கிறது என்றும் காட்டியது. சில ஊர்களில் மட்டும் நடந்த முயற்சி என்பதால் இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. அப்படி ஒரு கட்டடம் நம் ஊரில் இல்லாவிட்டாலும், நாம் செய்யக்கூடியவை உண்டு. தேவைக்கு மட்டும் வாங்குவது, மிஞ்சியதை வீட்டுக்கு வெளியே பூட்டிவைப்பது, வீட்டில் ஒருவர் மனம் தளர்ந்திருக்கும்போது சாவியை வேறொருவர் வைத்துக்கொள்வது. எலி மருந்துக்கும், வீட்டிலிருக்கும் மாத்திரைகளுக்கும் இதே விதிதான்.

ஏற்கெனவே ஒருவர் எதையாவது உட்கொண்டுவிட்டார் என்று தெரிந்தால், உடனே 108. அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரைப் பறிக்கலாம். பாட்டிலையோ அதன் லேபிளையோ மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள். "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து தாமதிக்கும் குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு அவரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

உதவி கிடைக்கும் இடங்களை இங்கே எழுதுகிறோம். இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

14416: "நட்புடன் உங்களோடு" மனநல சேவை. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம்.
104: தமிழக அரசின் மருத்துவ உதவி எண். தேர்வு முடிவு நேரத்தில் மாணவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டு.
044-24640050: சினேகா. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம்.
108: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்.

சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாதிக்கப்பட்டவர்தான் போன் செய்ய வேண்டும் என்பதில்லை. அவருக்காகக் கவலைப்படும் நீங்களும் இந்த எண்களை அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு சாராரிடம், சிகிச்சையோடு கூட, ஒரு மணி நேரம் விளக்கமாகப் பேசி, பின்பு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரித்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடக்கத்தில் நெருக்கமாகவும், பின்பு இடைவெளி விட்டும் விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு சுமார் 22 பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு சுமார் 2 பேர். அன்பியங்கள் வீடு சந்திப்பு என்று செய்வதை, ஒரு நோட்டில் நாள் குறித்துக்கொண்டு, விடாமல் செய்தால் போதும். அந்த அக்கா அப்படித்தான் செய்தார். போகும்போது அறிவுரை கொண்டுபோகவில்லை, தூக்கில் குழம்பு கொண்டுபோனார்.

அந்தத் தம்பியின் கடன் ஒரே நாளில் தீரவில்லை. அண்ணன் கூடப் போய்க் கடன் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டுப் பேசினார். மாத்திரையும் ஆலோசனையும் சில மாதங்கள் தொடர்ந்தன, குடியை விடுவதற்கும் மருத்துவர் உதவினார். இன்று அவர் வேறு நிலத்தில் குறுவை வைத்திருக்கிறார்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. எந்த அடையாளமும் காட்டாமல் போய்விட்டவர்கள் உண்டு. எல்லாம் செய்தும் கைநழுவிப் போனவர்கள் உண்டு. அப்படி ஒருவரை இழந்த குடும்பம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள்மீது பழி இல்லை என்று உறுதியாகச் சொல்கிறோம். தற்கொலையால் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுக்கும் என்ற அச்சம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. கடும் மனவேதனையும் மனநோயும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2282, 2283 எண்களில் கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது. அந்த வீட்டுக்கு நாம் போக வேண்டும், முப்பதாம் நாளுக்குப் பிறகும் போக வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் மனத்தில் இப்போது யாருடைய முகமாவது வந்திருந்தால், அவர் வீட்டுக்குப் போங்கள். உட்காருங்கள். கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அந்த முகம் உங்களுடையதாகவே இருந்தால், பங்கு இல்லத்தின் கதவை எந்த நேரத்திலும் தட்டுங்கள். இந்த முறை நாங்கள் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லமாட்டோம்.

இறைவன் உங்களோடும் உங்கள் குடும்பத்தோடும் இருப்பாராக. ஆமென்.